உதடு மூடும் இடம்

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் தெருவே சொல்லும். சொல்லட்டும். அந்த வாயை வைத்துத்தான் நான் பிழைக்கிறேன். கன்னடத்திலும் இந்தியிலும் எடுத்த வீடியோக்களுக்குத் தமிழில் குரல் கொடுப்பது என் வேலை. சொன்னவுடனே "சினிமாவா?" என்று கண்ணை விரிப்பார்கள். சினிமாவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆஸ்பத்திரியில் ஓடும் வீடியோ, ஃபேக்டரியில் புதிதாகச் சேருகிறவர்களுக்குக் காட்டும் வீடியோ, இந்த மாதிரி. என் முகம் யாருக்கும் தெரியாது. அதைப் பற்றி நான் யோசித்ததுகூட இல்லை, அந்த நாள் வரைக்கும்.

அப்போது எங்களுக்கு வந்திருந்தது ஒரு கார்மென்ட்ஸ் வேலை. பொம்மனஹள்ளிப் பக்கத்தில் ஒரு தையல் ஃபேக்டரி. அங்கே சேரும் பெண்களில் பாதிப்பேர் தமிழ்ப் பெண்கள். மெஷின் முன்னால் உட்காருவதற்கு முன் அவர்களுக்குப் பாடம் பாடமாக வீடியோ போட்டுக் காட்டுவார்கள். வீடியோவில் சொல்லிக்கொடுப்பது ஒரு கன்னடத்து அம்மா. நாற்பது வயது இருக்கும், நெற்றியில் பெரிய பொட்டு, கேமராவைப் பார்த்து அக்கா தங்கையிடம் பேசுகிற மாதிரி பேசுவாள். முகம் திரை நிறைய இருக்கும். முன்பு வந்த எல்லாப் பாடத்திலும் அவளுக்கு நான்தான் தமிழ்க் குரல். கடைசிப் பாடம் மட்டும் பாக்கி.

முகம் திரை நிறைய இருந்தால் எங்களுக்கு வேலை கஷ்டம். தூரத்தில் நிற்கிறவர் வாயைத் திறந்தால் என்ன, மூடினால் என்ன, யார் பார்க்கப் போகிறார்கள்? கிட்டத்தில் வந்தால் ஒவ்வொரு அசைவும் தெரியும். முக்கியமாக உதடு மூடும் இடம். 'ப' என்றாலும் 'ம' என்றாலும் உதடு ஒட்டியே ஆகவேண்டும். திரையில் அவள் உதடு ஒட்டுகிற அதே நொடியில் தமிழிலும் ஒரு 'ப'வோ 'ம'வோ விழவேண்டும். விழாவிட்டால் பார்க்கிறவர்களுக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் பேசுவது அவள் இல்லை என்று தெரிந்துவிடும். அப்புறம் பாடத்தை யார் கேட்பது?

அந்தப் பொருத்தம் பார்த்துத் தமிழ் எழுதுவது எங்கள் டைரக்டர் மேடம். மல்லேஸ்வரத்தில் பல தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். அவருக்குக் கன்னடமும் தமிழும் ஒன்றுபோல வரும். ஸ்டுடியோவும் மல்லேஸ்வரத்திலேயே, ஒரு காபிப்பொடிக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. கொட்டை வறுக்கும்போது மாடிப்படியெல்லாம் மணக்கும். மேடம் அங்கே உட்கார்ந்து ஒரு வரிக்காக ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்வார்.

அன்றைக்கு எடுத்த வரியையே சொல்கிறேன். கன்னடத்தில் அந்த அம்மா, "பாபின் பூர்த்தி ஃபிட் மாடித மேலெ" என்பாள். பிறகு வாயை மூடிக்கொண்டு குனிந்து பாபினை, அதாவது அடிநூல் சுற்றின சின்ன உருளையை, மெஷினில் பொருத்துவாள். நிமிர்ந்து, "பெடல் மெல்லகெ ஒத்தி" என்பாள். மேடம் எழுதியது: "பாபினை முழுசா பொருத்தின பிறகு, பெடலை மெதுவா ஒரு அழுத்து." பாருங்கள், 'பூர்த்தி'க்கு அவள் உதடு மூடும்போது 'முழுசா', 'மேலெ'க்கு மூடும்போது 'பிறகு'. முதலில் கடைசி வார்த்தை 'மிதிங்க' என்றுதான் இருந்தது. அவள் 'ஒத்தி' என்னும்போது வாய் குவிந்து திறந்திருக்கிறது, அங்கே 'மி' என்றால் ஒட்டாது என்று அடித்துவிட்டு 'ஒரு அழுத்து' என்று போட்டார். அவள் குனிந்திருக்கும் இடத்துக்குத் தாளில் இரண்டு சாய்கோடு. அங்கே நான் மூச்சுக்கூட விடக்கூடாது.

அன்று காலையிலேயே எனக்குச் சரியில்லை. இடது காதுக்குப் பின்னால் முதல் நாளிலிருந்து ஒரு வலி. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் காற்று அடித்ததுதான் காரணம் என்று தைலம் தடவிக்கொண்டு வந்தேன். கீழே கடையில் காபி குடித்தபோது சேலையில் சிந்தியது. டம்ளர் விளிம்பு சொட்டை என்று கடைக்காரரிடம் ஒரு பாட்டுப் பாடினேன். பாவம், அவர் இன்னொரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். அதுவும் சிந்தியது.

வழக்கம்போல நான் கண்ணாடி அறைக்குள் மைக் முன்னால் நின்றேன். வெளியே மேடமும் சவுண்டு இன்ஜினியரும். இன்ஜினியர் துமகூர்ப் பக்கத்துப் பையன், பையன் என்றால் கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை இருக்கிறது. தமிழ் முழுக்க எங்கள் ஸ்டுடியோவில் கற்றுக்கொண்டது. முதலில் வந்த வரிகளெல்லாம் நன்றாகத்தான் போயின. ஹெட்ஃபோனில் கன்னடத்தை இரண்டு மூன்று தடவை கேட்பேன், அவள் எங்கே மூச்சு வாங்குகிறாள், எங்கே நிறுத்துகிறாள் என்று தோள்பட்டையைப் பார்த்து மனதில் போட்டுக்கொள்வேன், அப்புறம் சிவப்பு விளக்கு, நான் பேசுவேன். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் அவன் கம்ப்யூட்டரில் நகர்த்தி உட்காரவைத்துவிடுவான்.

நடுவில் எனக்கு எரிச்சல் வந்தது.

"இன்னாப்பா இது, லெஃப்ட்ல இவ்ளோ சத்தம் வச்சிருக்கே? காது கிழியுது!"

"ரெண்டும் ஒண்ணே லெவல்தான் அக்கா."

"ஒண்ணே லெவலாம்! நீ வந்து மாட்டிப் பாரு."

அவன் வந்து மாட்டிப் பார்த்தான். இரண்டும் ஒன்றுதான் என்றான். வேறு ஹெட்ஃபோன் கொண்டுவந்தான். அதிலும் இடது பக்கம் மட்டும் தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருந்தது. பொறுத்துக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பாபின் வரி வந்தது. பேசினேன். மேடம் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"லிப் சேரல. இன்னொண்ணு போலாம்."

இன்னொன்று போனோம். "சேரல." இன்னொன்று. "முன்னாடி வர்றீங்க... இல்ல, லேட்டா? எனக்கே புரியல. என்னமோ ஒட்டல." மேடம் அப்படிச் சொல்கிறவரே இல்லை. எது ஒட்டவில்லை என்று விரலால் சுட்டிக்காட்டுகிறவர்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. "வீடியோதான் சரியில்ல. இவன் இன்னொரு வேலைக்கு ஏதோ செட்டிங் மாத்தினானே, அதுல படமும் சத்தமும் சிங்க் ஆகாம போயிடுச்சு. நான் இத்தினி வருஷமா பேசுறேன், எனக்குப் பாபின் சொல்லத் தெரியாதா?"

அவன் முகம் சிறுத்துப்போனது. ஆனாலும் அந்த அம்மா மெஷின் மேஜையைக் கையால் தட்டுகிற இடத்துக்கு வீடியோவை ஓட்டினான். ஒவ்வொரு படமாக நகர்த்தினான். கை மேஜையில் படுகிற படமும் 'டக்' என்ற சத்தமும் மயிரிழை பிசகாமல் ஒரே இடத்தில் இருந்தன.

"சிங்க் சரியா இருக்கு அக்கா," என்றான் மெதுவாக.

"அப்ப நான் பேசறதுதான் தப்புங்கிறே?"

அவன் காலையில் நான் பேசிய ஒரு வரியை எடுத்துப் போட்டான். அதிலும் பாபின் இருந்தது. பிறகு இப்போது பேசினதைப் போட்டான். ஸ்பீக்கரில் இரண்டையும் கேட்டேன். காலையில் 'பாபின்'. இப்போது, ஐயோ, என்னவென்று எழுத! 'ப' இருக்கவேண்டிய இடத்தில் காற்று. வெறும் 'ஃபா... ஃபின்'. ஊதுகிற மாதிரி.

என் பக்கம் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பினான். குரல் மேலும் கீழும் முள் முள்ளாகத் தெரியும் கோடு. 'ப' சொல்வதற்கு உதடு மூடுகிறபோது சத்தம் ஒரு கணம் நின்றுவிடும், அந்த இடத்தில் கோடு தட்டையாகப் படுத்துக்கிடக்கும். காலைக் கோட்டில் ஒவ்வொரு 'ப'வுக்கும் முன்னால் அந்தத் தட்டை இருந்தது. இப்போதைய கோட்டில் தட்டையே இல்லை. அங்கெல்லாம் பொடிப்பொடியாக முள். காற்று கசிந்த முள்.

நான் உதட்டை மூடவில்லை. மூடினதாகத்தான் நினைத்திருந்தேன்.

"இன்னொரு தரம் பேசுறேன்," என்று கண்ணாடி அறைக்குள் போனேன். விளக்கு வெளிச்சம் சாய்ந்து விழுந்ததில் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. நாள் முழுக்க இன்னொருத்தி வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், என் வாயை யார் பார்த்தார்கள்? "பாபின்" என்று சொன்னேன். வலது பக்கம் உதடு எழுந்து போய் மூடியது. இடது பக்கம் அப்படியே கிடந்தது. சும்மா சிரித்துப் பார்த்தேன். பாதி முகம் சிரித்தது.

மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஏனென்றால் இந்த வாயை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். என் அண்ணன் வாய். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாய் கோணி, தட்டில் சாய்ந்தவன். அதற்கப்புறம் இரண்டு வருஷம் இருந்தான். இருந்து என்ன? 'ம்ம்' என்ற ஒரு சத்தத்தைத் தவிர அவனால் எதுவும் சொல்ல முடியவில்லை. தண்ணீருக்கும் 'ம்ம்', வலிக்கும் 'ம்ம்'. நானும் அவனும் சின்ன வயதில் சண்டை போட்டால் தெருமுனைக்குக் கேட்கும். அப்படிப்பட்டவன்.

கதவைத் திறந்துகொண்டு மேடம் வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் நின்றார். பின்னாலேயே வந்த இன்ஜினியர், "அய்யோ தேவரே!" என்று கடவுளைக் கூப்பிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

"எனக்கு ஸ்ட்ரோக் மேடம்," என்றேன். 'மேடம்' என்பதே சரியாக வரவில்லை.

ஆட்டோவில் மேடமும் நானும். அவன் பைக்கில் முன்னால் போய் வழி விடச் சொல்லி ஹார்ன் அடித்துக்கொண்டே போனான். சம்பிகே ரோட்டில் வண்டி நகரவில்லை. பூக்கடைக்காரி ஒருத்தி ஆட்டோவுக்குள் கையை நீட்டி, "மாரு ஹத்து ரூபாய், தகொள்ளம்மா" என்று பத்து ரூபாய்ப் பூவை வாங்கிக்கொள்ளச் சொன்னாள். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? பாபின், முழுசா, பொருத்தின பிறகு, பெடலை மெதுவா... வாய்க்குள்ளேயே அந்த வரியைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அது நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்று பயம். ஒவ்வொரு வார்த்தையும் நினைவுக்கு வருகிறதா, வருகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பேசாதீங்க, அமைதியா இருங்க" என்றார்.

"பேசாம இருந்தா பேச்சுப் போயிடும் மேடம்."

அவர் கையும் ஜில்லென்றுதான் இருந்தது.

எமர்ஜென்சியில் உடனே உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். சின்ன வயது டாக்டரம்மா. கன்னடத்தில் ஆரம்பித்து, என் தமிழைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? இன்ஜினியர்தான் சொன்னான், காலையில் பேசினதில் காற்றுக் கசிவு இல்லை, சாப்பாட்டுக்கு முன்னால் பேசினதில் கொஞ்சம் இருக்கிறது, பிறகு முழுக்க இருக்கிறது என்று. அவர் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னார். நீட்டினேன். இரண்டும் நின்றன. கையை அழுத்திப் பிடிக்கச் சொன்னார், காலைத் தூக்கச் சொன்னார். கன்னத்தை உப்பச் சொன்னார். உப்பினால் காற்று இடது ஓரத்தில் 'புஸ்' என்று போனது. கண்ணை இறுக்கி மூடச் சொன்னார். மூடினேன்.

"ரெண்டு கண்ணும்."

"மூடிட்டேனே டாக்டர்."

"இடது கண்ணு மூடலைங்க."

மூடின கண்ணில் எனக்கு அவர் முகம் தெரிந்துகொண்டிருந்தது. அப்போது வந்த பயத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கடைசியாக, "நெத்தியைச் சுருக்கி மேல பாருங்க" என்றார். பார்த்தேன். அவர் குனிந்து என் நெற்றியையே பார்த்தார். இன்னொரு தரம் செய்யச் சொன்னார். வலது பக்கம் மடிப்பு விழுந்தது, இடது பக்கம் வழவழவென்று அப்படியே இருந்தது.

சரி, முடிந்தது, நெற்றியும் போச்சு என்று நினைத்தேன். டாக்டரம்மா நிமிர்ந்து மூச்சு விட்டார்.

"நெத்தியும் சேர்ந்து அசையாம இருக்கு பாருங்க, அது நல்லதுக்குத்தான். மூளையில அடைப்புன்னா பெரும்பாலும் நெத்தி மட்டும் அசையும். இது முகத்து நரம்பு. காதுக்குப் பின்னால எலும்புக்குள்ள சின்ன வழியா வருது, அங்க வீங்கிப்போச்சு. காதுல வலி இருந்துச்சா? அந்தப் பக்கம் சத்தம் ஜாஸ்தியா கேட்டுச்சா?"

நான் இன்ஜினியரைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனை எவ்வளவு திட்டியிருப்பேன்! எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ஒன்றும் இல்லை.

"அப்ப சரியாயிடுமா?" என்றேன்.

"பெரும்பாலானவங்களுக்கு ஆயிடும். சிலருக்கு வாரக்கணக்கு, சிலருக்கு மாசக்கணக்கு."

"எல்லாருக்குமா?"

"பெரும்பாலானவங்களுக்கு," என்றார் மறுபடியும். நல்ல டாக்டர், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை என் நெஞ்சில் முள்ளாக உட்கார்ந்துகொண்டது.

என் வீட்டுக்காரருக்குப் பீன்யாவில் லேத் பட்டறையில் வேலை. மேடம் போன் பண்ணினதும் எண்ணெய்க் கையோடு மெட்ரோ ஏறி வந்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டார். "உயிரோடதான இருக்கேன், எதுக்கு அழுவுறீங்க?" என்று கத்தினேன். கத்தினது பாதி காற்றாகப் போனது. அதைக் கேட்டு அவர் இன்னும் அழுதார்.

வீட்டில் இருந்த நாட்களைப் பற்றி என்ன சொல்ல? மாத்திரை. கண்ணில் சொட்டு மருந்து. படுக்கும்போது அந்தக் கண்ணை அவர்தான் இழுத்து மூடி டேப் ஒட்டுவார். இல்லாவிட்டால் திறந்தே கிடக்கும். சோறு இடது ஓரத்தில் சிந்தும். எனக்குச் சாவுபயம் போய்விட்டது, வேறு பயம் வந்து உட்கார்ந்தது. காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று 'ப' சொல்வேன். 'ஃப' வரும். பல் தேய்த்துவிட்டு இன்னொரு தரம். 'ஃப'. இந்த வாய் இப்படியே நின்றுவிட்டால்? நான் வேறு என்ன வேலைக்குப் போவேன்? எனக்குத் தெரிந்ததெல்லாம் பேசுவதுதான். வாயாடி, வாயாடி என்று ஊரெல்லாம் சொன்னது, அந்த வாய்தானே நான்? அது போனால் மிச்சம் என்ன இருக்கிறது? கண் மூடாது, தூக்கம் வராது, இதே யோசனை.

ஒரு நாள் மேடம் போன் செய்தார். சுற்றி வளைத்துப் பேசினார். ஃபேக்டரியில் புதிய பேட்ச் பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். கடைசிப் பாடம் இல்லாமல் அவர்களை மெஷினில் உட்காரவைக்க மாட்டார்கள். ஒரே ஆளுக்குக் கடைசிப் பாடத்தில் மட்டும் வேறு குரல் வைக்கவும் முடியாது, எங்கள் தொழிலில் அது ஆகாது.

"வேற குரல் வச்சு முதல்லேர்ந்து எல்லாப் பாடத்தையும் பண்ணிடலாமான்னு கேக்கிறாங்க. நான் இன்னும் பதில் சொல்லல."

"சொல்லாதீங்க," என்றேன்.

"எப்படி நீங்க..."

"சொல்லாதீங்கன்னா சொல்லாதீங்க மேடம்."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். கார்மென்ட்ஸ் வீடியோ என் கையை விட்டுப் போனால் அடுத்தது எல்லாம் அந்தப் புதிய குரலுக்குத்தான் போகும். இது எனக்குத் தெரியாதா? நானே அப்படித்தான் இந்தத் தொழிலில் இடம் பிடித்தேன், ஒருத்திக்குத் தொண்டை கட்டியபோது.

அன்று சாயங்காலம் தண்ணீர் குடிக்கும்போது, சிந்தாமல் இருக்க இடது கன்னத்தை இரண்டு விரலால் உதட்டோரமாக அழுத்தித் தூக்கிப் பிடித்திருந்தேன். அப்படித்தான் குடிக்கப் பழகியிருந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், "வேலை போனா போவட்டும்மா, நான் இல்லயா?" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! விரலை எடுக்க மறந்து, "போங்க! பெரிசா பேச வந்துட்டாரு!" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "இன்னொரு தபா திட்டு," என்றார்.

"இன்னா?"

"திட்டுமா. அந்த 'போ' நல்லா வந்துச்சு."

விரலை வைத்துக்கொண்டு, "போங்க" என்றேன். உதடு ஒட்டியது. விரலை எடுத்தேன். "ஃபோங்க." மறுபடி வைத்தேன். "போங்க, போங்க, பாபின், பொருத்தின பிறகு, பெடலை." ஒவ்வொன்றும் முழுசாக வந்தது. அவர் சிரிக்க ஆரம்பித்தார். நான் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன், அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

மறுநாளே ஸ்டுடியோவுக்குப் போனேன். இடது கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டி, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு. படியேறும்போது திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. விரல் விலகினால்? மைக்கில் காற்று கேட்டால்? வீட்டில் காதுக்கு நல்லதாகக் கேட்டது மைக்குக்கு அப்படிக் கேட்கும் என்று யார் சொன்னது? மைக் எதையும் விடாது. இது ஆகாவிட்டால் மேடம் அந்த இன்னொரு குரலுக்குச் சரி சொல்லிவிட வேண்டியதுதான். அதற்கு நானே சாட்சியாக வந்து நிற்கிறேன்.

மேடம் தாளை என் கையில் கொடுத்தார். இன்ஜினியர் கண்ணாடி அறைக்குள் விளக்கைக் குறைத்து வைத்திருந்தான். வெளியிலிருந்து என் முகம் தெரியவேண்டாம் என்று நினைத்திருக்கிறான்.

"லைட்டப் போடுப்பா. இருக்கிறது ஒரு கண்ணு. பேப்பர் தெரிய வேணாமா?"

போட்டான். நான் விரலை உதட்டோரத்தில் வைத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு கையில் தாள். திரையில் அந்த அம்மா பாபினைக் கையில் எடுத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. "பாபினை முழுசா பொருத்தின பிறகு." அவள் குனிந்தாள். நான் மூச்சை நிறுத்தினேன். நெஞ்சு அடிக்கிற சத்தம் மைக்கில் விழுந்துவிடுமோ என்றுகூடப் பயந்தேன். அவள் நிமிர்ந்தாள். "பெடலை மெதுவா ஒரு அழுத்து."

வெளியே இருவரும் கோட்டைப் பார்த்தார்கள். அவன் ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தான். பிறகு ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது.

"ஒட்டுது அக்கா. எல்லா 'ப'வும் தட்டையா இருக்கு."

கண்ணீர் வந்தது. அந்த இடது கண் எப்போதும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது, அது வேறு. இது வலது கண்.

வரி வரியாகப் போனோம். விரல் வலித்தது, கன்னம் சிவந்தது. இரண்டொரு இடத்தில் விரல் நழுவிக் காற்றுப் போனது, திரும்ப எடுத்தோம். கடைசி வரி வந்தது. பாடம் முடித்துவிட்டு அந்த அம்மா கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "பயப்படபேடி, அப்யாஸ ஆகத்தெ" என்பாள். மேடம் எழுதியிருந்தது: "பயப்படாதீங்க, பழகிடும்."

பேசினேன். உதடு சேர்ந்துவிட்டது. ஆனால் மேடம் கையைத் தூக்கினார்.

"லிப் சரி. சிரிப்பு இல்ல. அவங்க சிரிக்கிறாங்க, உங்க குரல் பயந்து போயிருக்கு."

சிரித்துக்கொண்டு பேசினால் குரலிலும் சிரிப்புத் தெரியும், எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். வாய் அகலும்போது குரல் மாறும். என் வாய் எங்கே அகலும்? எனக்குச் சிரிக்க என்ன இருந்தது? நெஞ்செல்லாம் பயம். அந்த வரியைக் கேட்கப்போகிற பொம்மனஹள்ளிப் பெண்களை நினைத்துக்கொண்டேன். முதல் தடவை மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஊசி விரலில் ஏறிவிடுமோ என்று நடுங்கிக்கொண்டிருக்கிறவர்கள். அவர்களும் என்னைப் போலத்தான்.

விரலைக் கொஞ்சம் மேலே ஏற்றினேன். உதட்டோரத்தை வலது பக்கத்தின் உயரத்துக்கு இழுத்தேன். அரை முகம் தானாகச் சிரித்தது, மீதி அரையை நான் தூக்கிப் பிடித்தேன்.

"பயப்படாதீங்க, பழகிடும்."

இன்ஜினியர் அதை வீடியோவோடு சேர்த்து ஓட்டினான். திரையில் அந்த அம்மா சிரித்தாள். அவள் உதடு மூடிய இடத்தில் என் உதடு மூடியது, அவள் சிரித்த இடத்தில் என் குரல் சிரித்தது. நன்றாக இருந்தது, பொய் சொல்லவில்லை, அவளே தமிழில் பேசுகிற மாதிரி இருந்தது.

"ஓகே," என்றார் மேடம்.

நான் விரலை எடுத்தேன். வாய் இறங்கிக்கொண்டது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினேன். நாளைக்குக் காலையில் கண்ணாடி முன்னால் நின்று விரல் வைக்காமல் மறுபடி 'ப' சொல்லிப் பார்க்கவேண்டும். அந்தப் பயம் என்னோடுதான் இறங்கி வந்தது.